விதி சொல்லாத பாதி

அந்தப் பள்ளியில் அவரைக் கணக்கு சார் என்று அழைப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு நிரூபணத்தின் முடிவிலும் "ஆகவே" என்று ஒரு இழுப்பு இழுத்துச் சாக்பீஸைக் கீழே வைப்பார். அதனால் மாணவர்கள் அவருக்கு "ஆகவே சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் அன்றிலிருந்து, குழம்பில் உப்பு குறைந்தால்கூட, "ஆகவே, கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று சொல்லத் தொடங்கினாள்.

அவர் இந்தப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இதற்கு முன் இருந்த பள்ளிகளில் வேலை நிலைக்கவில்லை. ஒன்றை மூடிவிட்டார்கள், இன்னொன்றில் பழைய ஆசிரியர் திரும்பி வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் வீடு மாறி, தெரு மாறி, மகளுக்குப் பள்ளியும் மாறியது. இங்கே வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்னதான் பேசுகிறார்கள் என்று அம்மா கேட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த "ஒண்ணுமில்ல" கேட்பதற்காகவே இந்த ஊரில் தங்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றும்.

தங்குவதும் தங்காததும் பார்வை வகுப்பைப் பொறுத்தது. புதிதாகச் சேரும் ஆசிரியரின் வகுப்பில், வருட முடிவில் ஒரு நாள், பிரின்சிபல் அம்மா கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். அதுதான் பார்வை வகுப்பு. சேர்ந்த அன்றே அந்த அம்மாள் தன் அறையில் வைத்து அவரிடம் சொல்லியிருந்தார்: "பார்வை வகுப்புல பிழை எதுவும் வரலைன்னா உங்க வேலை நிரந்தரம். இது என் வாக்கு. இதுவரைக்கும் நான் தவறினதில்ல."

அவர் வாக்குத் தவறாதவர் என்பது பள்ளிக்கே தெரியும். காலையில் வாயிலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பும்போது அவருடைய உதடுகள் மெல்ல அசையும். ஒவ்வொரு தலைக்கும் ஒரு சின்னப் பிரார்த்தனை என்று பி.டி. மாஸ்டர் சொல்வார். யூனிஃபார்ம் சட்டையில் பட்டன் இல்லாத பிள்ளைகளைத்தான் எண்ணுகிறார் என்று வரலாறு மிஸ் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

பாடம், "என்றால்" என்று வரும் கூற்றுகள். ஆகவே சாருக்கு மிகவும் பிடித்த பாடம் அது. "இது நடந்தால் அது நடக்கும்" என்று ஒரு கூற்று இருந்தால், அதிலிருந்து இன்னும் மூன்று கூற்றுகளைச் செய்யலாம். முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றினால் மறுதலை. இடம் மாற்றாமல் இரண்டு பாதியையும் மறுத்தால் எதிர்மறை. இடத்தையும் மாற்றி, இரண்டையும் மறுத்தால் நேர்மாறு. இந்த மூன்றில் எது முதல் கூற்றுக்குச் சமானம் என்பதுதான் பாடத்தின் உயிர்.

விடையை வாயில் ஊட்டக்கூடாது, பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு வாரமாக உதாரணங்கள் கொடுத்து நான்கு கூற்றுகளையும் எழுதவைத்து, ஒவ்வொன்றும் சரியா தவறா என்று சோதிக்கச் சொல்லியிருந்தார். முடிவைச் சொல்வதற்கு மட்டும் பார்வை வகுப்பை வைத்துக்கொண்டார். உதாரணங்களை மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுத்தார். குழப்பம் எதுவும் வரக்கூடாது. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் சமமானால் மூன்று கோணங்களும் சமம். ஒரு எண் பத்தால் வகுபட்டால் அதன் கடைசி இலக்கம் பூஜ்ஜியம். ஒரு எண் இரட்டை என்றால் அதற்கு அடுத்த எண் ஒற்றை.

அன்று காலை மூன்றையும் கரும்பலகையில் அழகாக எழுதினார். பிரின்சிபல் அம்மா சத்தமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில், ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பையன் நேராக நிமிர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

வகுப்பு நன்றாகவே போனது. பிள்ளைகள் மறுதலையைச் சொன்னார்கள், எதிர்மறையைச் சொன்னார்கள், நேர்மாறைச் சொன்னார்கள். ஒருவரும் தடுமாறவில்லை. அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. கடைசியில் கையைத் தட்டித் தூசியை உதறிவிட்டுக் கேட்டார்: ஒரு வாரமாகச் சோதித்தீர்களே, இந்த மூன்றில் முதல் கூற்றுக்குச் சமானமானது எது?

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "மூணுமே சார்."

அவர் சிரித்தார். விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். முதல் வரிசையில் இருந்த, எதையும் அழுத்திக் கேட்கும் பெண்ணை எழுப்பினார். அவள் எழுந்து நிதானமாகச் சொன்னாள்: "மூணும்தான் சார். நீங்க குடுத்த எல்லாத்துலயும் நாலு கூற்றுமே சரியா வந்துச்சு. ஒண்ணுகூடத் தப்பா வரலை."

அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னது அப்படியே உண்மை. மூன்று கோணங்கள் சமமானால் பக்கங்களும் சமம். கடைசி இலக்கம் பூஜ்ஜியமானால் எண் பத்தால் வகுபடும். அடுத்த எண் ஒற்றை என்றால் இந்த எண் இரட்டை. குழப்பமே வேண்டாம் என்று தேடித் தேடி எடுத்ததில், இரண்டு பக்கமும் ஓடும் உதாரணங்களாகவே எடுத்துவிட்டார். ஒருவழிப் பாதை என்றால் என்னவென்று சொல்லித்தர வந்தவர், ஒரு வாரம் முழுக்க இருவழிச் சாலையிலேயே பிள்ளைகளை நடத்தியிருந்தார். கணக்கு தெரியாதவர் செய்யக்கூடிய தவறல்ல அது. அதிகம் தெரிந்து, அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் மட்டுமே செய்யக்கூடியது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. "சரியாக யோசிக்கவில்லை, உட்காரு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, நேர்மாறு மட்டும்தான் சமானம் என்று பலகையில் எழுதியிருக்கலாம். பிழை பிள்ளைகளுடையதாகப் போயிருக்கும். அந்த எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. ஆனால் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவள் முகம் மெல்லச் சுருங்கத் தொடங்கியிருந்தது.

"நீ சொன்னது உன் பிழை இல்லம்மா," என்றார். "நான் குடுத்த உதாரணம் அப்படி. என்கிட்டதான் பிழை. உட்காரு."

பலகையை முழுவதும் அழித்தார். புதிதாக ஒன்று எழுதினார்: ஒரு எண் நான்கால் வகுபட்டால் அது இரட்டை எண். இது சரியா என்றார். சரி என்றார்கள். மறுதலையைச் சொல்லச் சொன்னார். இரட்டை எண் என்றால் நான்கால் வகுபடும். தலைகள் நோட்டுக்குள் குனிந்தன. பிறகு பின்னால் இருந்து ஒரு குரல், "ஆறு வகுபடாதே சார்" என்றது. எதிர்மறை: நான்கால் வகுபடாவிட்டால் அது இரட்டை இல்லை. அதையும் அதே ஆறுதான் கவிழ்த்தது. நேர்மாறு: இரட்டை இல்லை என்றால் நான்கால் வகுபடாது. இதைக் கவிழ்க்க எந்த எண்ணும் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது, ஏனென்றால் அதைக் கவிழ்க்கும் எண், நான்கால் வகுபட்டும் இரட்டையாக இல்லாத எண்ணாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அது முதல் கூற்றையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.

"சில இடத்துல நாலும் சரியா அமையலாம். அது அந்த இடத்தோட அதிர்ஷ்டம்," என்றார். "எந்த இடத்துலயும் விட்டுப் பிரியாததுதான் சமானம்." அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் முன் மணி அடித்துவிட்டது. "ஆகவே" என்று சொல்லக்கூட நேரமில்லை.

பிரின்சிபல் அம்மா எழுந்து வாசல்வரை வந்தார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. நாளை முதல் பீரியடுக்குப் பிறகு அறைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி புரிந்துகொண்டாள். காபியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். பிழை தன்னுடையது என்று வகுப்பின் முன்னால் தானே சொன்னதையும் சொன்னார். பிறகு, பிழை இல்லை என்றால் நிரந்தரம் என்பது விதி, பிழை வந்துவிட்டது, முடிந்தது கதை என்றார்.

அவள் காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். மாடிப்படியிலிருந்து இரண்டு சிறுமிகளின் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு இன்னிக்கு அழுதுகிட்டே வீட்டுக்குப் போகலை இல்ல?" என்று கேட்டாள்.

"போகலை."

"அப்போ சாப்பிடுங்க. அட்டைப்பெட்டி எல்லாம் பரண்ல பத்திரமாத்தான் இருக்கு. எதுல பாத்திரம், எதுல துணின்னு எனக்கு இப்போ மனப்பாடம்."

அவர் சிரித்துவிட்டார். சாமி படத்தின் முன் அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கண்மூடி நின்றதையும் கவனித்தார். என்ன கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருப்பாள்.

படுக்கும் முன் அவருக்கு இன்னொன்று உறைத்தது. பக்கத்து செக்‌ஷனுக்கும் அவர்தான் ஆசிரியர். அதே வாரம், அதே மூன்று உதாரணங்கள். அந்தப் பிள்ளைகளும் மூன்றும் சமானம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். நாளை அந்த வகுப்புக்கு அவருக்குப் பீரியட் கிடையாது. அதற்குப் பிறகு தான் இருப்போமா என்பதே தெரியாது.

மறுநாள் மணி அடிப்பதற்கு வெகு முன்பே போய், மைதானத்தில் நின்ற அந்த செக்‌ஷன் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்தார். காலங்காத்தாலேயே கணக்கா என்று முனகிக்கொண்டே வந்தார்கள். நான்கால் வகுபடும் எண்ணை எழுதி, ஆறை எழுதி, பழைய உதாரணங்களில் தான் எங்கே சறுக்கினோம் என்று விளக்கினார். ஒரு பையன், "அப்போ போன வாரம் எழுதினதெல்லாம் வேஸ்டா சார்?" என்று கேட்டான். அதெல்லாம் சரிதான், அதிலிருந்து எடுத்த முடிவு மட்டும்தான் தப்பு என்றார். பையன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். வாயிலில் நின்றிருந்த பிரின்சிபல் அம்மாள் தலையைத் திருப்பி அந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தார். அதை ஆகவே சார் கவனிக்கவில்லை.

முதல் பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்தார். வரலாறு மிஸ் மட்டும் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பற்கள் தெரியச் சிரிக்கும், யாரையும் "தம்பி" என்று அழைக்கும் பெண்மணி. செய்தி அவர் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. பள்ளியில் செய்திக்குக் கால் வேண்டாம். ஃப்ளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டினார்.

அவர் டீயை வாங்கிக்கொண்டு, இங்கே நிரந்தரமானவர்கள் எல்லோரும் பிழையில்லாமல் வகுப்பு எடுத்தவர்கள், தனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்றார்.

வரலாறு மிஸ் பேனாவை மூடினார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தம்பி, என் பார்வை வகுப்புல நான் ஒரு ராஜாவை அவரோட மகனுக்கே மகனாக்கிட்டேன். வம்சப் படம் போட்டேன், அம்புக்குறி கீழேயிருந்து மேலே போயிடுச்சு. பிள்ளைங்க சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தன் பெஞ்சுலேருந்து விழுந்துட்டான். அதுக்கப்புறமும் இங்கதானே உக்காந்திருக்கேன்."

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று அவர் கேட்டார். எல்லோரும் பிழையில்லாதவர்கள் என்று தானும் நினைத்திருந்ததால், தான் ஒருத்திதான் எப்படியோ தப்பியவள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டதாக மிஸ் சொன்னார். சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாதே என்று விரலை ஆட்டினார்.

கணக்கு சாரின் கை டீயோடு அந்தரத்தில் நின்றது. பிரின்சிபல் அம்மா கொடுத்த வாக்கை முதல்முறையாக ஒரு கூற்றாக எடுத்து மனதில் எழுதிப் பார்த்தார். பிழை இல்லை என்றால் நிரந்தரம். நிரந்தரம் என்றால் பிழை இல்லை: இது மறுதலை. சற்று முன் தான் புலம்பியது இதைத்தான். பிழை உண்டு என்றால் நிரந்தரம் இல்லை: இது எதிர்மறை. நேற்று மனைவியிடம் கதை முடிந்தது என்றது இதை. இரண்டுமே அந்த அம்மாள் சொல்லாதவை. எதிரில் உட்கார்ந்திருக்கும் மிஸ், பிழையும் செய்து நிரந்தரமும் ஆனவர். வகுப்பில் அந்த ஆறு செய்த வேலையை இங்கே இந்த மிஸ் ஒருவரே செய்துவிட்டார். மறுதலையும் எதிர்மறையும் ஒன்றுக்கொன்று நேர்மாறு. ஆகவே விழுந்தால் சேர்ந்தேதான் விழும்.

அம்மாள் உண்மையில் சொன்னதற்குச் சமானமானது ஒன்றுதான்: நிரந்தரம் கிடைக்கவில்லை என்றால் பிழை இருந்திருக்கிறது. பிழை வந்தவருக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி விதி வாயே திறக்கவில்லை. நேற்று முழுவதும் பாடம் எடுத்தவர், தன் வயிற்றுப்பாடு என்று வந்ததும் முதல் வரிசைப் பெண் செய்ததையே செய்திருந்தார்.

இதனால் வேலை கிடைத்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை. வாக்கு அவருக்கு எதையும் தரவில்லை. அதேபோல் எதையும் மறுக்கவும் இல்லை. அவ்வளவுதான். ஆனால் பூட்டிய கதவுக்கும் சாத்திய கதவுக்கும் வித்தியாசம் உண்டு. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு பிரின்சிபல் அறைக்குப் போனார்.

அந்த அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். காலையில் பிள்ளைகளை எதற்கு உள்ளே அழைத்தீர்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். அந்த செக்‌ஷனுக்கு நான் பார்வைக்கு வரவில்லையே, யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்களே என்றார் அம்மாள். அந்தப் பிள்ளைகளுக்கும் தேர்வு உண்டே என்று மட்டும் அவர் பதில் சொன்னார்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து வகுப்புல பிழை இருந்துச்சு. அதனால நான் குடுத்த வாக்கு என்னைக் கட்டாது. இது புரியுதா?"

"புரியுதும்மா. கட்டாதுன்னா, முடியாதுன்னும் அர்த்தம் இல்ல. அது எதிர்மறை."

அம்மாளின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அதை நேத்தே நீங்க யோசிப்பீங்கன்னு நினைச்சேன். மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டுப் போனீங்க." பிறகு நிதானமாகச் சொன்னார்: "வாக்கு என்னைக் கட்டாத இடத்துலதான் நான் யோசிச்சு முடிவு பண்ண வேண்டியிருக்கு. பிள்ளை மேல பழியைப் போடலாம்னு நேத்து உங்களுக்கு வாய்ப்பு இருந்துச்சு. நீங்க போடலை. அதைப் பார்த்துட்டுத்தான் வெளியே போனேன். ராத்திரி பிரார்த்தனையிலயும் அதையே நினைச்சேன். காலையில அந்த வகுப்பைப் பார்த்ததும் எனக்கு வேற யோசனையே இல்ல. உங்க வேலை நிரந்தரம்."

அவர் நன்றி சொன்னார்.  எழுந்தவர் போகாமல் நின்றார். ஒன்று சொல்லலாமா என்று தயங்கிக் கேட்டார். சொல்லுங்கள் என்றார் அம்மாள்.

"நீங்க பாதிதான் சொல்றீங்கம்மா. மீதிப் பாதியைக் கேக்குறவங்க தானா சொல்லிக்கிறாங்க. தப்பாவே சொல்லிக்கிறாங்க. கணக்கு படிச்ச நானே சொல்லிக்கிட்டேன். ஒரு வருஷம் பயந்துகிட்டே இருந்தேன்."

அம்மாள் கண்ணாடியை மாட்டாமலேயே அவரைப் பார்த்தார். வாக்குத் தவறாதது ஒரு நன்மைதான். ஆனால் சொல்லாமல் விட்ட இடத்தில் ஒருவர் பயத்தை நட்டு வளர்க்கிறார் என்று தெரிந்தால், அங்கே ஒரு வார்த்தையை வைப்பதும் நன்மைதான். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அந்த அம்மாள் அதை யோசிக்காதவர் அல்ல. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. பயப்படுபவர்கள் பயத்தைப் பிரின்சிபலிடமா போய்ச் சொல்வார்கள்?

அவர் எழுந்து, கணக்கு சாருடனேயே ஆசிரியர் அறைக்கு நடந்தார். இடைவேளை மணி அடித்திருந்தது, எல்லோரும் இருந்தார்கள். பிரின்சிபல் அம்மா அந்த அறைக்கு வருவது அபூர்வம். பி.டி. மாஸ்டர் பாதி தின்ற பிஸ்கட்டை மறைத்தார்.

பார்வை வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றார் அம்மாள். பிழை இல்லை என்றால் நிரந்தரம். அது அப்படியே இருக்கும். பிழை வந்தால் நிரந்தரம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, நினைத்ததும் இல்லை. பிழை வந்தால் உட்கார்ந்து பேசுவோம், பிழைக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று பார்ப்போம். இனிமேல் சேர வருகிறவர்களிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லப்போகிறேன். இத்தனை நாள் சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்க வேண்டும்.

 வரலாறு மிஸ் டீக்கோப்பைக்குள் எதையோ தேடினார்.

பி.டி. மாஸ்டர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்படின்னா அம்மா, நான் ஒண்ணு சொல்லிடறேன். என் பார்வை வகுப்புல விசிலை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன். வாயாலயே விசிலடிச்சேன். அது உங்களுக்குத் தெரியாதுன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"எனக்குத் தெரியும்," என்றார் பிரின்சிபல் அம்மா. "நல்லாத்தான் அடிச்சீங்க."

அதற்குப் பிறகு அறையை யாராலும் அடக்க முடியவில்லை. வரலாறு மிஸ், யாரிடமும் சொல்லாதே என்று விரலை ஆட்டியவர், தானே எழுந்து அம்புக்குறி கதையைக் கையை மேலே தூக்கிக் காட்டிச் சொன்னார். ஓவிய ஆசிரியர் தன்னுடையதைத் தொடங்கினார். கணக்கு சார் வாசல் பக்கம் ஒதுங்கி மனைவிக்குப் போன் செய்தார். உள்ளே சிரிப்புச் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. என்ன சத்தம் அங்கே என்றுதான் முதலில் கேட்டாள். நிரந்தரம் ஆகிவிட்டது என்று அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.  மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆகவே?" என்றாள்.

"ஆகவே, இங்கதான்," என்றார்.